பார்சல் திரும்பிப் போகிறது என்று வரும் மெசேஜில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: "உங்க பார்சலை டெலிவரி பண்ண முடியலை, அட்ரஸ் முழுசா இல்லை, லிங்க்ல போய் உறுதி பண்ணுங்க"ன்னு போஸ்ட் ஆபீஸ் பேர்ல மெசேஜ் வருது. நிஜமாவே ஒரு பார்சல் எதிர்பார்த்துட்டு இருக்கேன். இது உண்மையா பொய்யான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்:

மெசேஜில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். முன்பு எழுத்துப் பிழையைப் பார்த்தே சொல்லிவிடலாம், இப்போது அதெல்லாம் சுத்தமாகத்தான் வருகிறது. எங்கிருந்து வந்தது, லிங்க் யாருடையது, பார்சல் நம்பர் இருக்கிறதா, இதைத்தான் பார்க்க வேண்டும்.

தண்டையார்பேட்டையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "இது உண்மையா பாருங்கண்ணா" என்று போனை நீட்டுகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எங்கள் பக்கம் இந்த மெசேஜ் எடுபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. வாசலில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, தெருவுக்குள் குறுக்குத் தெரு, அதற்குள் சந்து, ஹவுசிங் போர்டு என்றால் பிளாக் நம்பர் வேறு. டெலிவரி பையன் "அண்ணா, கோயில் தாண்டி லெஃப்ட்டா, ரைட்டா?" என்று கேட்காமல் எந்தப் பார்சலும் வந்து சேராது. அதனால் "அட்ரஸ் முழுமையாக இல்லை" என்று படித்தவுடனே, ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று மனசு ஒப்புக்கொள்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், வழி தெரியாதவர் போன் பண்ணித்தானே கேட்கிறார்? உங்கள் நம்பர் பார்சல் மேலேயே ஒட்டியிருக்கிறது. மெசேஜ் அனுப்ப நம்பர் தெரிந்தவருக்குக் கூப்பிடத் தெரியாதா?

போன மாதம் பக்கத்துத் தெருவில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் வந்தார். மகள் கோயம்புத்தூரிலிருந்து ஸ்பீட் போஸ்டில் துணி அனுப்பியிருக்கிறாள், அவரும் காத்துக்கொண்டிருந்தார். மகன் கொடுத்த பழைய ஐபோனில் மெசேஜ் வந்திருக்கிறது. பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, இரண்டு முறை கொண்டு வந்தோம், அட்ரஸ் சரியில்லாததால் கொடுக்க முடியவில்லை, 48 மணி நேரத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம், கீழே இந்தியா போஸ்ட் என்று பெயர். இதே வாசகம் கொஞ்சம் முன்பின் மாறி இந்தியா முழுக்கச் சுற்றியது, 2024-லேயே மத்திய அரசின் பிஐபி உண்மைச் சரிபார்ப்புப் பிரிவு இது போலி என்று அறிவித்தது. அக்கா லிங்கைத் திறந்து பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் நிரப்பிவிட்டார். அடுத்த பக்கத்தில் மறுபடி கொண்டு வருவதற்கு 25 ரூபாய் சொச்சம் கட்டணம், கார்டு நம்பர் கேட்கிறது. அங்கேதான் நின்றுபோய், "கார்டு நம்பர் எது தம்பி, முன்னாடி இருக்கிறதா, பின்னாடி இருக்கிறதா?" என்று கேட்க வந்திருந்தார். போனை வாங்கி அந்தப் பக்கத்தை மூடினேன்.

முதலில் அனுப்பியவர் நம்பரைக் காட்டினேன். +63 என்று தொடங்கியது, அது பிலிப்பைன்ஸ் நாட்டு எண். நம் ஊரில் ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமென்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒரு பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதனால் அந்த மெசேஜ் பத்து இலக்க எண்ணிலிருந்து வராது, `VM-ABCDEF-S` என்கிற மாதிரி எழுத்துகளில்தான் வரும். கடைசி எழுத்து 2025 முதல் வந்தது: அரசுச் செய்தி என்றால் G, சேவை என்றால் S, பரிவர்த்தனை என்றால் T, விளம்பரம் என்றால் P. அதோடு 2024 அக்டோபரிலிருந்து, முன்கூட்டியே பதிவு செய்யாத லிங்க் இருக்கும் மொத்த எஸ்எம்எஸ்ஸை நெட்வொர்க்கே தடுக்க வேண்டும் என்று விதி. இந்த வேலிக்குள் நுழைய முடியாதவர்கள்தான் ஐமெசேஜ், ஆர்சிஎஸ் வழியாக வருகிறார்கள். அவை இன்டர்நெட்டில் போவதால் எஸ்எம்எஸ் வடிகட்டியில் மாட்டாது, ஆனால் போனில் எஸ்எம்எஸ்ஸோடு ஒரே இடத்தில்தான் தெரியும். வெளிநாட்டு எண், சாதாரண பத்து இலக்க எண், சம்பந்தமே இல்லாத ஈமெயில் முகவரி, இந்த மூன்றில் எதிலிருந்து வந்தாலும் மேற்கொண்டு படிக்கவே தேவையில்லை.

அந்த மெசேஜின் கடைசி வரியைப் பலர் கவனிப்பதில்லை. "`Y` என்று பதில் அனுப்பிவிட்டு, மெசேஜை மூடித் திறந்தால் லிங்க் வேலை செய்யும்" என்று இருந்தது. இது ஏன் தெரியுமா? தெரியாத ஆளிடமிருந்து வரும் லிங்கை ஐபோன் தட்டவிடாது, நீங்கள் ஒரு பதில் போட்டால் தெரிந்த ஆள் என்று எடுத்துக்கொண்டு திறந்துவிடும். போனில் இருக்கிற பூட்டை நம் கையாலேயே திறக்க வைக்கிறார்கள். எந்தத் தபால் துறையும் எந்தக் கூரியரும் இப்படிக் கேட்காது. இந்த ஒரு வரி கண்ணில் பட்டால் போதும், நான் வேறு எதையும் பார்க்க மாட்டேன்.

அப்புறம் லிங்க். ஏமாற்றுவதற்காகவே இப்படி எழுதுவார்கள்:

```
https://indiapost.gov.in.xxxx.top/in
```

இடமிருந்து படித்தால் தபால் துறை மாதிரியே இருக்கும். அப்படிப் படிக்கக் கூடாது. `https://` என்பதை விட்டுவிடுங்கள், அதற்கு அடுத்து வருகிற முதல் சாய்கோட்டில் விரலை வையுங்கள், அங்கிருந்து இடப்பக்கமாகப் போங்கள். அந்தச் சாய்கோட்டை ஒட்டி நிற்பது `xxxx.top`, அதுதான் அந்தப் பக்கத்தின் சொந்தக்காரர். அதற்கு முன்னால் எந்தப் பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை. உண்மையான முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் `indiapost.gov.in` என்றே முடியும், `gov.in` அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் கோடு போட்டு `gov-in` என்று வந்தால் அது அரசு கிடையாது. பூட்டுப் படம் இருக்கிறதே என்று கேட்பார்கள், அது போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான், எதிரில் இருப்பவன் நல்லவன் என்பதற்கு இல்லை. கடைக் கம்ப்யூட்டரில் அக்காவின் லிங்கை அடித்துப் பார்த்தேன், வெறும் வெள்ளைப் பக்கம். இப்படிப்பட்ட தளங்கள் பல, போனில் மட்டும் திறக்கிற மாதிரி செய்யப்பட்டவை. நீங்கள் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம், தட்டாமல் இருப்பதே நல்லது.

சரி, அக்காவின் நிஜப் பார்சல் என்ன ஆனது? மகளிடம் ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம். ஸ்பீட் போஸ்ட் நம்பர் பதின்மூன்று எழுத்து: முதலில் `E` என்று தொடங்கும் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் `IN`. மெசேஜில் அந்த நம்பரே இல்லை, ஏனென்றால் அனுப்பியவனுக்கு அக்காவுக்குப் பார்சல் வருவதே தெரியாது. லட்சக்கணக்கில் அனுப்பினால் எங்காவது ஒருவர் காத்திருக்கத்தான் செய்வார். தபால் துறைத் தளத்தை நாமே அடித்துத் திறந்து ரசீது நம்பரைப் போட்டோம், பார்சல் இன்னும் வழியில்தான் வந்துகொண்டிருந்தது, ஒரு முறைகூட டெலிவரிக்கு எடுக்கவில்லை. ஆன்லைனில் வாங்கிய பொருள் என்றால் வாங்கிய ஆப்பிலேயே ஆர்டர் பக்கத்தைப் பாருங்கள். தனியார் கூரியர்கள் நிஜமாகவே தேதி மாற்ற லிங்க் அனுப்புவதுண்டு, அதையும் தட்டாமல் ஆப் வழியாகப் போனால் ஒன்றும் நஷ்டமில்லை. தபாலில் வருவது என்றால் உங்கள் டெலிவரி போஸ்ட் ஆபீஸுக்கே போய்க் கேட்கலாம், இல்லாவிட்டால் தபால் துறையின் உதவி எண் 1800 266 6868-க்குக் கூப்பிடலாம்.

இருபத்தைந்து ரூபாய்தானே என்று நினைப்பவர்களுக்குத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன். அவர்களுக்கு அந்த இருபத்தைந்து ரூபாய் தேவையில்லை, கார்டு நம்பரும் சிவிவியும்தான் தேவை. நீங்கள் அடிக்க அடிக்க அந்தப் பக்கம் ஒருவன் அதே கார்டை வைத்துப் பெரிய தொகைக்கு வேறெங்கோ வாங்கிக்கொண்டிருப்பான், உங்களுக்கு ஓடிபி வரும், அதை நீங்கள் அந்தப் பக்கத்திலேயே போட்டுக் கொடுப்பீர்கள். ஓடிபி மெசேஜில் தொகையும் கடைப் பெயரும் பெரும்பாலும் இருக்கும், ஆறு எண்ணை மட்டும் பார்க்காமல் அதையும் படிக்க வேண்டும். வெளிநாட்டுத் தளங்கள் சில ஓடிபி இல்லாமலே பணம் எடுத்துவிடும். அதற்குத்தான் பேங்க் ஆப்பில் "இன்டர்நேஷனல்" என்கிற ஸ்விட்சை அணைத்து வைக்கச் சொல்கிறேன், ரிசர்வ் வங்கி 2020-ல் எல்லா பேங்க்கும் இந்த வசதியைத் தர வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. அக்காவுக்கு அன்றே அதை அணைத்துக் கொடுத்தேன்.

அவர் மாதிரி முகவரி மட்டும் கொடுத்தவர்களுக்குப் பணம் போகாது. ஆனால் பெயர், வீடு, போன் நம்பர் மூன்றும் சேர்ந்து ஒருவன் கையில் இருக்கிறது. நாளைக்கு "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, நாங்கள் போலீஸ்" என்று வீடியோ காலில் ஒருவன் மிரட்டலாம், உங்கள் வீட்டு முகவரியை அவனே சொல்வதால் நம்பத் தோன்றும். நிஜ போலீஸ் வீடியோ காலில் யாரையும் கைது செய்யாது, உடனே போனை வையுங்கள். இதை அக்காவிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினேன், வீட்டில் இருக்கிற அவருடைய மாமியாரிடமும் சொல்லச் சொன்னேன், பகலில் போனை எடுப்பது அவர்தான்.

கார்டு விவரமும் கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதல் வேலை ஆப்பிலேயே கார்டை பிளாக் செய்வது. அப்புறம் பேங்க்கில் புகார், அதன் எண்ணை எழுதி வாங்குவது, அதோடு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைப்பது. நேரம் ஏன் முக்கியம் என்றால், 2017 ரிசர்வ் வங்கி விதிப்படி ஓடிபியை நாமே கொடுத்திருந்தால் புகார் செய்கிற வரை போன பணம் நம் தலையில், புகாருக்குப் பிறகு போவது பேங்க் தலையில். பணம் போகவில்லை, வெறும் மெசேஜ்தான் வந்தது என்றால் `sancharsaathi.gov.in` தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் புகார் கொடுக்கலாம். ஸ்க்ரீன்ஷாட் கேட்கும், அதனால் நம்பரும் லிங்கும் தெரிகிற மாதிரி எடுத்துக்கொண்ட பிறகு மெசேஜை அழியுங்கள்.