ஒன்றரைப் பக்கத் தரவுத் திட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கும்?

கேள்வி: பாக் நீரிணைக் கரையோர மீனவ கிராமங்களில் 80 பேரை நேர்கண்டு ஒலிப்பதிவு செய்யும் இரண்டாண்டு ஆய்வுக்கான முன்மொழிவு என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்திருக்கிறது. அதன் தரவு மேலாண்மைத் திட்டம் ஒன்றரைப் பக்கம்தான். ‘கூகுள் டிரைவில் பாதுகாப்பாகச் சேமிக்கப்படும், வெளி ஹார்ட் டிஸ்க்கில் வாரந்தோறும் பேக்கப் எடுக்கப்படும், கேட்பவர்களுக்குப் பகிரப்படும்’ என்கிறது. படித்தால் எல்லாம் சரிபோலத்தான் இருக்கிறது. குறைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? தொடர்புடைய பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: அந்த ஒன்றரைப் பக்கத்தை மட்டும் எத்தனை முறை படித்தாலும் குறை தெரியாது. அதே முன்மொழிவிலிருந்து ஆய்வு முறை, செலவுத் திட்டம், ஒப்புதல் படிவம் ஆகிய மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ‘பாதுகாப்பாகச் சேமிக்கப்படும்’ என்ற வாக்கியத்தில் தனியாகப் பிழை இல்லை. செலவுத் திட்டத்தோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அது நடக்காத காரியம் என்று தெரியும்.

முதலில் அளவைக் கணக்கிடுங்கள். ஆய்வு முறைப் பக்கத்தின்படி நேர்காணல் ஒன்று சராசரியாக ஒன்றரை மணி நேரம். 80 பேருக்கு 120 மணி நேரம். ஒலிப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பாக இருக்கும் என்கிறார்கள். அந்த அமைப்பில் மணிக்கு ஏறத்தாழ 1.04 ஜிபி ஆகும். மொத்தம் 125 ஜிபி. வலை பின்னுவதையும் மீன் இறக்குவதையும் 20 மணி நேரம் காணொளியாக எடுக்கிறார்கள். வினாடிக்கு 25 மெகாபிட் என்று வைத்தால் அது 225 ஜிபி. ஆக ஒரே ஒரு படிக்கு 350 ஜிபி, மூன்று படிகளுக்கு ஒரு டிபிக்கு மேல்.

இப்போது செலவுத் திட்டத்தைப் பாருங்கள். 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று, அதுவும் இரண்டாம் ஆண்டில் வாங்கப்படுகிறது. ஆனால் கால அட்டவணை, நேர்காணல்களில் பெரும்பகுதி முதலாண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் நடக்கும் என்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள் என்பதால் அது நல்ல முடிவுதான். ஆனால் தரவும் அந்த 61 நாட்களில்தான் வந்து குவியும். அப்போது வைக்க இடம் இருக்காது. கூகுள் டிரைவ் இருக்கிறதே என்று பதில் வரலாம். யாருடைய கணக்கு என்று கேளுங்கள். தனிநபரின் இலவசக் கணக்கில் 15 ஜிபிதான், பதினான்கு மணி நேர ஒலிப்பதிவிலேயே நிரம்பிவிடும். கல்வி நிறுவனக் கணக்கு என்றால், முன்பு வரம்பில்லாமல் கிடைத்த இடம் 2022 முதல் நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டிபி அடிப்படை ஒதுக்கீடாகிவிட்டது. எனவே துறைக்கு எவ்வளவு தருவார்கள் என்று கணினி மையத்திடம் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். முனைவர் பட்ட மாணவரின் கணக்கில் வைப்பது இன்னும் மோசம். அவர் படிப்பை முடித்து, கணக்கு மூடப்படும் நாளில் கோப்புகளும் போய்விடும்.

கோப்புப் பெயர் பற்றித் திட்டத்தில் ஒரு வரியும் இல்லை. இது பணம் செலவாகாத குறை, ஆனால் முதல் பதிவுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது. பெயர் விதி இல்லாவிட்டால் என்ன வரும் என்பது எல்லாருக்கும் தெரியும்: செல்வம், படகு ஓனர், ஃபைனல், ஃபைனல் 2. இதில் குழப்பம் ஒரு பக்கம் இருக்க, பேசியவரின் அடையாளம் கோப்பின் பெயரிலேயே வெளியாகிறது. எழுத்துப்படியிலிருந்து பெயரை நீக்கிப் பயன் என்ன? நீங்கள் பரிந்துரைக்கக்கூடிய விதி இப்படி இருக்கலாம்:

```
PKB_P017_20270506_INT_01.wav
PKB_P017_20270506_INT_02.wav
PKB_P017_20270506_INT_TR_v02.docx
```

திட்டக் குறி, பங்கேற்பாளர் எண், ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் தேதி, வகை, பகுதி எண். எழுத்துப்படி என்றால் பகுதி எண்ணுக்குப் பதில் TR என்ற குறியும் பதிப்பு எண்ணும். 17 என்று எழுதாமல் 017 என்று எழுதுவது 2-க்கு முன்னால் 10 வந்து நிற்காமல் இருக்க. பகுதி எண் எதற்கு என்றால், பல ரெக்கார்டர்கள் 2 ஜிபி ஆனதும் கோப்பை உடைத்து அடுத்ததைத் தொடங்கும். மேற்சொன்ன அமைப்பில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அது நடக்கும். நீண்ட உரையாடல் இரண்டு கோப்பாக வந்து, இரண்டாவது பாதியை யாரும் கவனிக்காமல் விடுவது இப்படித்தான். தேதியை ரெக்கார்டரின் கடிகாரத்திலிருந்து எடுக்கக் கூடாது, களக் குறிப்பேட்டிலிருந்து எடுக்க வேண்டும். பேட்டரி முழுதும் தீர்ந்தால் சில கருவிகளின் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குப் போய்விடும்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாமே என்று குழுவில் ஒருவர் கேட்பார். ஆசைதான், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். மேக்கில் உருவான ஃபோல்டரை விண்டோஸுக்குக் கொண்டுபோனால் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்பதையோ, தேடினால் கிடைக்காமல் போவதையோ பார்க்கலாம். கோப்புப் பெயர் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் இருக்கட்டும். ஊர், தொழில், பேசிய பொருள் எல்லாம் தமிழில் தனி அட்டவணையில் இருக்கட்டும். பங்கேற்பாளர் எண்ணையும் உண்மைப் பெயரையும் இணைக்கும் திறவுகோல் பட்டியலை ஒலிக்கோப்புகளோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. அது எங்கே, யாரிடம் என்று திட்டம் சொல்ல வேண்டும்.

அடுத்தது பேக்கப். ‘வாரந்தோறும்’ என்ற சொல்லில்தான் ஓட்டை. களத்தில் பதிவு முடிந்த நிமிடத்திலிருந்து முதல் நகல் எடுக்கும்வரை அந்த மெமரி கார்டில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். குழு ஆறு நாள் ஊரில் தங்கி வாரக் கடைசியில் திரும்புகிறது என்றால், அந்த வாரத்தின் உழைப்பு முழுவதும் ஒரு கார்டில் தொங்குகிறது. அன்றன்று இரவே மடிக்கணினியிலும் ஒரு வெளி டிஸ்க்கிலும் நகல் எடுப்பது, இரண்டும் சரிபார்க்கப்படும்வரை கார்டை ஃபார்மட் செய்யாமல் இருப்பது, டிஸ்க்கும் மடிக்கணினியும் ஒரே பையில் பயணம் செய்யாமல் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். சரிபார்ப்பு என்றால் கோப்புகளை எண்ணிப் பார்ப்பது போதாது; பாதியில் நின்ற நகலும் எண்ணிக்கையில் ஒன்றாகத்தான் வரும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணான செக்சம் எடுக்க வேண்டும். லினக்ஸில் முதல் கட்டளையை மூலத்தில் ஓட்டி, உருவாகும் பட்டியலையும் சேர்த்து நகலெடுத்து, இரண்டாவதை நகலில் ஓட்டினால் போதும்:

```
sha256sum *.wav > SHA256SUMS.txt
sha256sum -c SHA256SUMS.txt
```

ஒவ்வொரு கோப்புக்கும் `OK` வர வேண்டும். `FAILED` வந்தால் அந்தக் கோப்பை மீண்டும் நகலெடுக்க வேண்டும்.

கூகுள் டிரைவை பேக்கப் என்று கணக்கில் சேர்த்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியோடு ஒத்திசைக்கும் ஃபோல்டர், நல்லதைப் போலவே கெட்டதையும் உடனே நகலெடுக்கும். உதவியாளர் ஒருவர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு இல்லை. ஜூனில் அழிந்ததை செப்டம்பரில் பகுப்பாய்வு தொடங்கும்போதுதான் கவனிப்பார்கள். எனவே மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ, அதிலும் ஒன்று ஒத்திசைவில் சேராதது என்று கேளுங்கள். யார் செய்வார் என்பதற்கு ‘குழு’ என்று பதில் எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள். பதவிப் பெயர் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஐந்து கோப்புகளைப் பேக்கப்பிலிருந்து மீட்டுத் திறந்து பார்ப்பார்கள் என்ற வரியும் வேண்டும். மறையாக்கம் செய்த டிஸ்க் என்றால் கடவுச்சொல் குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும்.

பகிர்வுதான் இந்த முன்மொழிவின் பெரிய சிக்கல். தரவுத் திட்டம் ‘கேட்பவர்களுக்குப் பகிரப்படும்’ என்கிறது. இணைப்பிலுள்ள ஒப்புதல் படிவமோ ‘உங்கள் பதிவு இந்த ஆய்வுக்கு மட்டும் பயன்படும், முடிந்ததும் அழிக்கப்படும்’ என்கிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக முடியாது. மீனவரிடம் கையெழுத்து வாங்கிய தாளுக்கே மதிப்பு அதிகம் என்பதால், இப்படியே போனால் எதையும் பகிர முடியாது, காப்பகத்தில் வைக்கவும் முடியாது. பிறகு திருத்த வேண்டுமானால் 80 பேரையும் மீண்டும் தேடிப் போக வேண்டும்.

குரல் என்பது பெயரை நீக்கினால் அடையாளம் மறையும் பொருள் அல்ல. ஊரில் யார் கேட்டாலும் யார் பேசுகிறார் என்று சொல்லிவிடுவார்கள். எழுத்துப்படியிலும் ‘இந்த ஊரில் படகு வைத்திருக்கும் ஒரே பெண்’ என்று வந்தால் பெயர் தேவையே இல்லை. பாக் நீரிணையில் பேச்சு எப்படியும் கடல் எல்லை தாண்டுவது, தடைசெய்த வலை, கடன் என்று போகும். அந்தப் பகுதிகள் பேசியவரைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடக்கூடும். எனவே எழுத்துப்படியில் எந்தப் பகுதிகள் நீக்கப்படும், யார் முடிவெடுப்பார் என்பது திட்டத்தில் இருக்க வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் ஒரே கையெழுத்துக்குப் பதில் மூன்று தனிக் கேள்விகள் வைக்கச் சொல்லுங்கள். பெயர் நீக்கிய எழுத்துப்படியை வேறு ஆய்வாளர்கள் படிக்கலாமா? ஒலிப்பதிவைக் கட்டுப்பாட்டோடு காப்பகத்தில் வைக்கலாமா? சிறு பகுதிகளைப் பொதுவில் ஒலிக்கவிடலாமா? ஒன்றுக்கு ஆம், இன்னொன்றுக்கு இல்லை என்று சொல்ல இடம் இருக்கட்டும். அந்தப் பதில்களையும் அட்டவணையில் பங்கேற்பாளர் எண்ணுக்கு எதிரே பதிய வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாண்டு கழித்து எதைப் பகிரலாம் என்று தாள்கட்டைப் புரட்ட வேண்டியிருக்கும்.

‘கேட்பவர்களுக்கு’ என்பதை முதன்மை ஆய்வாளரின் மின்னஞ்சல் என்று படியுங்கள். அவர் ஓய்வு பெற்றால் வழி அடைபடும். ஜெனோடோ போன்ற களஞ்சியத்தில் விவரக் குறிப்பைப் பொதுவாகவும் கோப்புகளைக் கட்டுப்படுத்தியும் வைக்கலாம். நிலையான அடையாளமாக டிஓஐ எண்ணும் கிடைக்கும். அங்கே ஒரு பதிவுக்கு வழக்கமான வரம்பு 50 ஜிபி. எழுத்துப்படிகளுக்கு அது தாராளம். 125 ஜிபி ஒலிக்குப் போதாது என்பதால் நிறுவனக் காப்பகத்தில் இடம் கேட்க வேண்டும். எந்தக் களஞ்சியம், எந்த மாதத்துக்குள், எந்த உரிமத்தில், அனுமதி தரும் பதவி எது என்று நான்கு விவரங்கள் வந்தால் போதும்.

குறிப்பெழுதும்போது ஒப்புதல் படிவத்தையும் முதலாண்டுச் சேமிப்பையும் முன்மொழிவை ஏற்பதற்கு முந்தைய நிபந்தனைகளாகப் பிரித்து எழுதுங்கள். படிவம் மாறினால் நெறிமுறைக் குழுவுக்கும் மீண்டும் போக வேண்டும். கோப்புப் பெயரையும் மீட்புச் சோதனையையும் முதல் களப்பயணத்துக்கு முன் முடித்தால் போதும். ‘பேக்கப் போதாது’ என்று எழுதினால் இன்னொரு டிஸ்க் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: ‘களத்தில் ஆறு நாள் வரை ஒற்றைப் படியே இருக்கிறது; தினசரி இரு நகல், செக்சம் சரிபார்ப்பு, பொறுப்பாளர் பதவி ஆகியவற்றைச் சேர்க்கவும்; 1 டிபி டிஸ்க்குகள் இரண்டை முதலாண்டு மார்ச்சுக்குள் வாங்கும்படி செலவுத் திட்டத்தை மாற்றவும்.’