ஒரு பக்கக் காம்பில் மட்டும் வந்த அரிப்பு

"ஒரு பக்க மார்புக் காம்பில் மட்டும் அரிப்பு, தோல் உரிகிறது. கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. ஆயின்மென்ட் போட்டால் சரியாகிவிடுமா?"

நீங்களும் கூச்சப்பட்டுக்கொண்டு மெடிக்கல் ஷாப்பில் டியூப் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் அம்மா அதைத்தான் ஏழு மாதம் செய்தார்.

அம்மாவுக்கு அப்போது 54 வயது. இடது காம்பின் நுனியில் பொருக்கு. "வேர்க்குரு மாதிரிதான் இருக்கு, விடும்மா" என்பார். கடையில் கொடுத்தது ஸ்டீராய்டு கலந்த கிரீம். போட்டால் பத்து நாளில் சிவப்பு குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். அந்தக் குறைவுதான் எங்களை ஏமாற்றியது. ஒருநாள் துணி துவைக்கும்போது அவர் உள்ளாடையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பழுப்புக் கறை பார்த்தேன். பழைய சேலைத் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார், யாரிடமும் சொல்லாமல்.

சர்ஜன் இரண்டு மார்பையும் அக்குளையும் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "முதலில் காம்பிலா, சுற்றியுள்ள கருவட்டத்திலா?" எக்சிமா என்கிற சாதாரணத் தோல் அழற்சி பெரும்பாலும் கருவட்டத்தில் தொடங்கும், இரண்டு பக்கமும் வரும், காம்பை அவ்வளவாகத் தொடாது. பேஜெட் நோய் என்கிற புற்றுநோய் வகை காம்பில் தொடங்கி வெளியே பரவும், ஏறக்குறைய எப்போதும் ஒரே பக்கம்தான். கட்டி தட்டுப்படாமலே வரலாம். மேமோகிராம்கூடச் சில சமயம் நார்மலாக இருக்கும் என்பதால், மரத்துப்போக ஊசி போட்டுக் காம்பிலிருந்து துளித் தோல் எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். பேஜெட்தான். ஆபரேஷன் முடிந்து அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்.

"ஏன் பயமுறுத்துகிறாய்" என்று யாராவது எழுதுவார்கள். நான் டாக்டர் இல்லை. பேஜெட் அரிது என்பதும் தெரியும். எனக்கே 25 வயதில் கோலிக்குண்டு மாதிரி வழுக்கி ஓடும் கட்டி வந்து, ஸ்கேனும் ஊசி டெஸ்டும் எடுத்து ஃபைப்ரோஅடினோமா, ஆபத்தில்லை என்றார்கள். மாதவிடாய்க்கு முன் இரு பக்கமும் கனத்து வலிப்பதும், சின்ன வயதிலிருந்தே காம்பு உள்வாங்கி இருப்பதும் பொதுவாகப் பயப்பட வேண்டியவை அல்ல. ஆனால் புதிதாக ஒரு காம்பு உள்ளே இழுத்தாலோ, அழுத்தாமலே ஒரு பக்கம் ரத்தம் கசிந்தாலோ, மார்புத் தோல் ஆரஞ்சுத் தோல் போல் குழிந்தாலோ, நகராத கெட்டிக் கட்டி இருந்தாலோ அந்த வாரமே காட்டுங்கள். வலி இல்லையே என்று விடாதீர்கள், அம்மாவுக்கும் வலி இல்லை.

 

உங்களுக்கு இந்த அரிப்பு வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் இன்னொரு டியூப் வாங்காமல் நேராக சர்ஜரி ஓ.பி.க்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்ப்பார்கள். இதுவரை போட்ட டியூப்களையும் எடுத்துப் போங்கள். அம்மாவிடம் அதையும் கேட்டார்கள், நாங்கள் எல்லாவற்றையும் குப்பையில் போட்டிருந்தோம்.