டையில் பாண்ட் பில்டர் கலந்தால் என்ன ஆகும்?

"ஹேர் டை கலவையில் பாண்ட் பில்டர் ஊற்றுகிறார்களே, அது முடி கெடாமல் காக்குமா?"

ஓரளவு காக்கும். முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகள்தான் அதற்கு வலு. ப்ளீச்சும் அதோடு கலக்கும் டெவலப்பர் திரவமும் நிறத்தை எடுக்கும்போது அவற்றில் சிலவற்றை அறுத்துவிடும். அறுந்த முனைகளை அப்போதே கோத்துப் பிடிப்பதுதான் பாண்ட் பில்டரின் வேலை. கயிற்றுக் கட்டிலில் ஓர் இழை அறுந்தால் உடனே முடிச்சுப் போடுவோமே, அப்படி. கயிறே நைந்து உதிர்ந்துவிட்டால் முடிச்சுப் போட இடம் ஏது? வெடித்த நுனியும் அப்படித்தான், வெட்டத்தான் வேண்டும்.

முதலில் ப்ளீச்சையும் டெவலப்பரையும் குழைத்து, அப்புறம் பாண்ட் பில்டரைப் பெட்டியில் சொன்ன அளவு மட்டும் சேர்க்கவும். கூடினால் முடி மெதுவாகத்தான் வெளுக்கும். கலவை முடியில் இருக்கும்போதே ஈர முடியை இழுத்துப் பாருங்கள். சூயிங்கம் போல நீண்டு திரும்பாவிட்டால், உடனே கழுவிவிடுங்கள்.

பாண்ட் பில்டர் இருந்தால் அலர்ஜி வராது என்பது தவறு. 48 மணி நேரம் முன்பே தோலில் சோதிப்பது அப்போதும் அவசியம்.