பாட்டுப் பட்டியலில் உங்கள் அட்டைப்படம் தெரிகிறதா?

கேள்வி: "எங்கள் பறையாட்டக் குழுவின் 'கம்மாக்கரைக் கொட்டு' என்ற பாடல் தொகுப்பு அடுத்த மாதம் பாட்டுச் செயலிகளில் வெளியாகிறது. அட்டைப்படம் கணினியில் அருமையாக இருக்கிறது. போனில் பட்டியலில் பார்த்தால் பழுப்புக் கறைபோலத் தெரிகிறது. எதை மாற்ற வேண்டும்? மாற்றியபின் சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? படத்தை இணைத்திருக்கிறேன்." – உசிலம்பட்டி வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய படம் 3000க்கு 3000 பிக்சல். செயலிகள் கேட்கும் அளவு அதுதான் என்பதால் அதில் குறையில்லை. ஆனால் செயலி அந்தப் படத்தை அப்படியே காட்டுவதில்லை. பல அளவுகளில் சுருக்கி வைத்துக்கொள்கிறது. எடுத்துக்காட்டாக, ஸ்பாட்டிஃபை 640, 300, 64 பிக்சல் என்று மூன்று அளவுகளைத் தருகிறது. 64 பிக்சல் அளவில் உங்கள் அட்டையின் 47க்கு 47 பிக்சல் கொண்ட ஒவ்வொரு சதுரமும் ஒரே ஒரு புள்ளியாகிவிடும். அந்தச் சதுரத்துக்குள் இருந்த நிறங்கள் எல்லாம் கலந்து ஒரே நிறமாகும். நல்ல போன்கள் 300 பிக்சல் படத்தை எடுத்துக்கொண்டாலும், பட்டியல் வரியில் அட்டைக்குக் கிடைக்கும் இடம் சுமார் 8 மில்லிமீட்டர்தான். படம் கூர்மையாக வந்தாலும் கண்ணுக்குக் கிடைக்கும் பரப்பு கூடுவதில்லை.

இந்தக் கணக்கை வைத்து உங்கள் அட்டையைப் பார்ப்போம். பின்னணியில் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் மாலைநேரப் புகைப்படம் இருக்கிறது. முன்னால் குழுவினர் ஏழு பேரும் வரிசையாக நிற்கிறார்கள். சுற்றிலும் சுங்குடிப் புள்ளிகளால் ஆன கரை. மேலே கரும்பச்சைப் பட்டையின்மீது குங்குமச் சிவப்பில் தலைப்பு, கீழே ஏழு பேரின் பெயர்களும் நிகழ்ச்சிக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும். திருவிழாவுக்கு வைக்கும் ஃப்ளெக்ஸ் பேனரில் இவை அத்தனையும் இருந்தாக வேண்டும். யாருடைய முகம் விடுபட்டாலும் மனவருத்தம் வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்தச் சதுரத்தில் ஒவ்வொன்றுக்கும் என்ன நேர்கிறது என்று பாருங்கள். கோபுரத்தில் நெருங்கி நிற்கும் சுதைச் சிற்பங்களின் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து பழுப்பாகிவிடுகின்றன. நீங்கள் கண்ட கறை பெரும்பாலும் இதுதான். சுங்குடிப் புள்ளிகள் ஒவ்வொன்றும் 40 பிக்சல் இடைவெளியில் இருப்பதால், அவை புள்ளிகளாகவே தெரியாமல் மங்கிய ஒரே நிறப் பட்டையாகின்றன. சில போன்களில் இல்லாத கோடுகள்கூடத் தோன்றலாம். ஒவ்வொரு முகமும் சுமார் 210 பிக்சல் அகலம். சுருங்கியபின் நாலரைப் புள்ளி. அதில் கண்ணும் மீசையும் தெரிய வழியில்லை.

தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் எழுத்துக்கு இங்கே தனிச் சிக்கல் உண்டு. உங்கள் தலைப்பு எழுத்தின் உயரம் 180 பிக்சல். 64 பிக்சல் படத்தில் அது நான்கு புள்ளிகூட இல்லை. ககரத்தின் மேல்கோடு, நடுக்கோடு, வளைவு, அவற்றுக்கு இடையிலுள்ள வெற்றிடங்கள் என்று எண்ணினாலே ஏழெட்டு வரிசைப் புள்ளிகள் தேவை. அதற்கும் மேலே மெய்யெழுத்தின் புள்ளி நிற்க வேண்டும். 'கம்மாக்கரைக் கொட்டு' என்பதில் அப்படி நான்கு புள்ளிகள் வருகின்றன. உங்கள் டிசைனர் வைத்திருக்கும் புள்ளியின் குறுக்களவு 45 பிக்சல். அது ஒரு புள்ளியளவுக்குச் சுருங்கி, பெரும்பாலும் இரண்டு சதுரங்களுக்கு நடுவில் விழுந்து, பின்னணியோடு கரைந்துவிடும். 'ரை'யின் சுழிகளும் 'கொ'வின் கொம்பும் உள்ளே அடைபட்டுக் கட்டியாகும். சுற்றிலும் ஓட்டியிருக்கும் மெல்லிய தங்க நிறக் கோடு இதற்கு உதவாது. அது எழுத்தின் ஓரத்தை இன்னும் குழப்பவே செய்யும்.

நிறமும் சேர்ந்துகொண்டது. சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிரானவை என்பதால் பளிச்சென்று தெரியும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் சிறிய அளவில் எழுத்தைப் பிரித்துக் காட்டுவது வெளிச்ச வேறுபாடுதான். நிற வேறுபாடு அந்த வேலையைச் செய்வதில்லை. உங்கள் சிவப்பு #B22222, பச்சை #006400. இரண்டின் வெளிச்ச விகிதத்தைக் கணக்கிட்டால் 1.1 வருகிறது. வேறுபாடே இல்லையென்றால் 1, கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 21 என்பது அளவுகோல். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள்; தலைப்பு பட்டைக்குள் மறைந்துபோகும். அதே பச்சையின்மீது #FFC800 என்ற மஞ்சள் நிறத்தில் எழுதினால் விகிதம் 4.8 ஆகிவிடும். செலவில்லாமல் ஒரு நிமிடத்தில் முடிகிற திருத்தம் இது.

இனி எதை வைத்துக்கொள்வது என்பதற்கு வருவோம். பட்டியல் வரியில் அட்டைக்குப் பக்கத்திலேயே பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் எழுத்தில் வந்துவிடுகின்றன. ஆகவே அந்தச் சின்னச் சதுரம் தலைப்பைப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. ஒருமுறை பார்த்தவர் மறுமுறை விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது "இது அவர்களுடையது" என்று நின்றால் போதும். அதற்கு ஒரே ஓர் உருவம், தெளிவான வெளிக்கோட்டோடு, பின்னணியிலிருந்து வெளிச்சத்தால் பிரிந்து நிற்க வேண்டும். உங்களிடம் அந்த உருவம் ஏற்கெனவே இருக்கிறது: பறை. வெளிறிய தோல் கொண்ட அந்த வட்டத்தைக் கரும்பச்சையின்மீது அட்டையின் பாதிக்கு மேல் அகலம் வரும்படி வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய மற்ற புகைப்படங்களில் பறையை நெருக்கமாக எடுத்த ஒன்று இருந்தது. அதை அப்படி வைத்து, 64 பிக்சலுக்குச் சுருக்கி, அட்டையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் காட்டினேன். "நிலாவா?" என்றார். வட்டம் மட்டும் தனியாக நின்றால் நிலவாகவோ தட்டாகவோ தெரிவது இயல்பு. பிறகு அடிக்குச்சி பிடித்த கை, வட்டத்தின் விளிம்பைக் குறுக்கே வெட்டி உள்ளே வரும்படி அதே படத்தைத் திருப்பி வெட்டிக் காட்டியபோது, "தப்பு அடிக்கிறாங்க" என்று உடனே சொன்னார். கை விளிம்பைத் தாண்டுவதுதான் அந்த உருவத்தைப் பறையாக்குகிறது. அந்தக் கைவிரல்களுக்கும் குச்சிக்கும் குறைந்தது 140 பிக்சல் தடிமன் கொடுங்கள். சுருங்கியபின் மூன்று புள்ளி மிஞ்சும், அதற்குக் கீழே போனால் உருவம் நிற்காது. மெல்லிய சிம்புக்குச்சி எப்படியும் மறையும். அது பெரிய அளவில் பார்க்கிறவர்களுக்காக இருக்கட்டும், ஆனால் அதை நம்பி உருவத்தை அமைக்க வேண்டாம்.

தலைப்பை எடுத்துவிடச் சொல்லவில்லை. 'கொட்டு' என்ற சொல்லை மட்டும் 700 பிக்சல் உயரத்தில் கீழே பெரிதாக எழுதி, 'கம்மாக்கரைக்' என்பதை அதன் மேலே சிறிதாக வையுங்கள். முழுப் பெயரும் அட்டையில் இருக்க வேண்டும், ஏனென்றால் அட்டையிலுள்ள பெயரும் நீங்கள் பதிவு செய்யும் பெயரும் பொருந்தாவிட்டால் படத்தைத் திருப்பி அனுப்புவார்கள். 'ட்'டின் புள்ளியை, எழுத்துருவில் வருகிற அளவிலேயே விடாமல், 140 பிக்சலுக்குப் பெரிதாக்கச் சொல்லுங்கள். பார்க்கக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். பறைப்பாட்டுக்கு அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். கோபுரத்தை விட மனமில்லையென்றால், மிகக் கருத்த வெளிக்கோடாக மட்டும் பின்னால் விடலாம். பாட்டு ஓடும் திரையில் அட்டை பெரிதாக வரும்போது அது தெரியும், சிறிய அளவில் யாருக்கும் இடைஞ்சல் செய்யாது. இரண்டு அளவுக்கும் ஒரே கோப்புதான் போகிறது என்பதால் இந்த அடுக்குமுறை தேவைப்படுகிறது. எழுத்து எதையும் மூலையில் ஒட்ட வைக்காதீர்கள்; பல செயலிகள் மூலைகளை வளைத்து வெட்டுகின்றன.

சோதிக்கும்போது பலர் செய்வது, கணினியில் படத்தைத் திரையிலேயே சுருக்கிப் பார்ப்பது. அது போதாது. படத்தை உண்மையிலேயே 64க்கு 64 என்று மாற்றி, தனிக் கோப்பாகச் சேமித்து, 100 சதவீத அளவில் திறக்க வேண்டும். சாதாரண கணினித் திரையில் அந்தச் சதுரம் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் வரும், அதாவது போனில் வருவதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே நாற்காலியைப் பின்னால் தள்ளி 80 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பாருங்கள். அடுத்து, போனில் உங்கள் வகைப் பாட்டுகள் உள்ள ஒரு பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதில் ஓர் அட்டையின்மேல் உங்கள் அட்டையைச் சரியாக அதே அளவில் ஒட்டுங்கள். தனியாக நன்றாக இருந்த அட்டை, பக்கத்தில் பத்து அட்டைகள் நிற்கும்போது அமுங்கிப்போவதை அப்போதுதான் காண முடியும். இதைக் கறுப்புப் பின்னணி, வெள்ளைப் பின்னணி இரண்டிலும் செய்யுங்கள். உங்கள் பச்சை மிகக் கருமையாகிவிட்டால், கறுப்புத் திரையில் அட்டையின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. அப்படி நேர்ந்தால் பச்சையை ஒரு படி வெளிற விடுங்கள், ஆனால் மஞ்சளோடு உள்ள விகிதம் 3க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஸ்கிரீன்ஷாட்டைக் கறுப்பு வெள்ளையாக்கியும் ஒருமுறை பாருங்கள். பிறகு மதுரை நண்பகல் வெயிலில் வாசலுக்கு வந்து, போனின் வெளிச்சத்தைப் பாதியில் வைத்துப் பாருங்கள்; பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற கேட்பவருக்கு அட்டை அப்படித்தான் தெரியும்.

கடைசிச் சோதனையை நீங்களோ குழுவினரோ செய்யக் கூடாது. தலைப்பு என்னவென்று தெரிந்தவரின் கண், இல்லாத புள்ளியையும் சேர்த்துப் படித்துவிடும். அட்டையைப் பார்த்திராத மூன்று நான்கு பேரிடம் அந்த ஸ்கிரீன்ஷாட்டை இரண்டு விநாடி மட்டும் காட்டிப் போனைத் திருப்பிக்கொள்ளுங்கள். "படிக்க முடிகிறதா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள், "என்னவெல்லாம் பார்த்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். பறை, தப்பு, கொட்டு என்று எதையாவது அவர்களாகவே சொன்னால் அட்டை தேறிவிட்டது. நிறத்தை மட்டும் சொன்னால் உருவம் இன்னும் பெரிதாக வேண்டும். எதுவுமே நினைவில்லை என்றால் வெளிச்ச வேறுபாட்டைத் திரும்பவும் பாருங்கள்.

தொலைபேசி எண்ணை எப்படியும் எடுத்தாக வேண்டும். தொடர்பு எண், இணைய முகவரி, விலை ஆகியவை அட்டையில் இருந்தால் செயலிகளில் ஏற்க மாட்டார்கள். அந்த எண்ணையும் ஏழு பேரின் பெயர்களையும் பாட்டு வெளியாகும் நாளில் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அறிவிப்புப் படத்தில் போட்டுக்கொள்ளலாம். அது திரை நிறைய விரிகிற படம் என்பதால், இப்போதுள்ள ஏழு பேர் வரிசையும் கோபுரமும் சுங்குடிக் கரையும் அங்கே அப்படியே பொருந்தும்.