எல்லோருடைய ஸ்லைடும் ஒரே கோப்பில் சேரும்போது

கேள்வி: அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் பேசுகிறேன். “வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் ஸ்லைடுகளை அனுப்புங்கள், எல்லோருடையதையும் ஒரே கோப்பாகச் சேர்க்கிறோம்” என்று அமைப்பாளர் மின்னஞ்சல் போட்டிருக்கிறார். என்னுடையதில் தமிழ் எழுத்து, எக்செல் வரைபடம், சின்ன வீடியோ எல்லாம் உண்டு. பிடிஎஃப் அனுப்பினால் போதுமா? கடைசி நேரத்தில் திருத்தம் வந்தால் என்ன செய்வது?

பதில்: பிடிஎஃப் மட்டும் போதாது. சேர்ப்பவர் அதை ஒவ்வொரு பக்கமாகப் படமாக்கி ஒட்ட வேண்டியிருக்கும், வீடியோவும் ஓடாது. பவர்பாயிண்ட் கோப்பை அனுப்புங்கள், கூடவே பிடிஎஃப் ஒன்றையும் இணையுங்கள். ஸ்லைடு எப்படித் தெரிய வேண்டும் என்று அவர் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

அனுப்பும் முன் அவர் செய்யப்போவதை நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். பவர்பாயிண்டில் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து, உங்கள் ஸ்லைடுகளை எல்லாம் நகலெடுத்து அதில் ஒட்டுங்கள். ஒட்டும்போது Use Destination Theme, Keep Source Formatting என்று இரண்டு வழிகள் வரும். முதலாவதில் உங்கள் பின்னணி போய், சேர்க்கும் கோப்பின் பின்னணி வந்துவிடும். கருநீலத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்திருந்தால், அந்த எழுத்து வெள்ளைப் பின்னணியில் காணாமல் போகலாம். நேரம் இல்லாதவர் பெரும்பாலும் இந்த வழியில்தான் ஒட்டுவார். ஆகவே இரண்டு வழியிலும் ஒட்டிப் பார்த்து, முதலாவதில் கெடுவதைச் சரிசெய்யுங்கள். Design பகுதியில் Slide Size எது என்றும் பாருங்கள். அமைப்பாளர் 16:9 என்று சொல்லி உங்களுடையது 4:3 ஆக இருந்தால் படங்கள் இழுபடலாம், இடம் மாறலாம். அளவை நீங்களே மாற்றி, ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்த்து அனுப்புவதுதான் நல்லது.

தமிழ் எழுத்துக்கு வருவோம். ஃபான்டைக் கோப்போடு பொதிந்து அனுப்பும் வசதி பவர்பாயிண்டில் இருக்கிறது. ஆனால் அது பொதிந்திருப்பது உங்கள் கோப்பில். மேடையில் ஓடப்போவது வேறொரு கோப்பு. அதனால் அதை நம்பி இருக்க வேண்டாம். விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் Nirmala UI ஃபான்டில் எழுதினால், சேர்ப்பவரின் விண்டோஸ் கணினியிலும் அதே தோற்றம் கிடைக்கும். வேறொரு யூனிகோட் ஃபான்ட் வைத்திருந்தால்கூட எழுத்து படிக்கும்படிதான் இருக்கும். வரிகள் மட்டும் உடைந்து பெட்டிக்கு வெளியே வழியலாம். உண்மையான ஆபத்து பாமினி போன்ற பழைய ஃபான்டுகளில்தான். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் jkpo; என்று தெரியும். பழைய ஸ்லைடு ஒன்றை எடுத்துச் சேர்த்திருந்தால், அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து ஃபான்டை Arial என்று மாற்றிப் பாருங்கள். எழுத்து தமிழாகவே நின்றால் அது யூனிகோட். ஆங்கில எழுத்தாகச் சிதறினால், எழுத்தை மாற்றித் தரும் கருவி ஒன்றில் போட்டு யூனிகோடாக்க வேண்டும்.

எக்செல் வரைபடத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரிவதில்லை. Embed Workbook என்ற வழியில் ஒட்டியிருந்தால், வரைபடத்தோடு அந்த எக்செல் கோப்பு முழுவதும் உள்ளே போய்விடும். உதாரணமாக, நான்கு வட்டாரங்களின் சராசரியைக் காட்டும் வரைபடம் என்று வைத்துக்கொள்வோம். அதே கோப்பின் இன்னொரு தாளில் ஆய்வில் கலந்துகொண்டவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. சேர்த்த கோப்பு எல்லாப் பேச்சாளர்களுக்கும் போகும்போது அந்தப் பட்டியலும் போகும். வரைபடத்தை வலது கிளிக் செய்து, Edit Data என்பதில் உள்ள Edit Data in Excel கொடுத்துப் பாருங்கள். கீழே தேவையில்லாத தாள்கள் தெரிந்தால், அந்தச் சராசரி எண்களை மட்டும் புதிய எக்செல் கோப்பில் போட்டு வரைபடத்தை மறுபடி வரையுங்கள். மேடையில் எண்களை மாற்றும் தேவை இல்லையென்றால் படமாக ஒட்டிவிடுவது இன்னும் பாதுகாப்பு. ஸ்லைடுக்குக் கீழே உங்களுக்காக எழுதிய குறிப்புகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள், அவையும் கூடவே போகும்.

வீடியோவுக்கு File, Info பக்கத்தில் Edit Links to Files என்று தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஏதோ ஒரு கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கிறது, ஸ்லைடுக்குள் வரவில்லை என்று பொருள். அது வீடியோவாக இருந்தால் நீக்கிவிட்டு உள்ளே பொதியுங்கள். அதனால் கோப்பு பெரிதாகும். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது, டிரைவ் இணைப்பாகத்தான் போகும். அப்போது அமைப்பாளருக்குத் திறக்கும் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

திருத்தம் வந்தால் முழுக் கோப்பையும் மறுபடி அனுப்பாதீர்கள். அவர் ஏற்கெனவே சேர்த்ததைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். மாறிய ஸ்லைடை மட்டும் தனிக் கோப்பாக அனுப்பி, அதன் தலைப்பைச் சொல்லுங்கள். உங்கள் 7ஆவது ஸ்லைடு சேர்த்த கோப்பில் 43ஆவதாக இருக்கலாம், எண் அங்கே உதவாது. இப்படி எழுதினால் போதும்: “ஐயா, ‘மழையளவும் விளைச்சலும்’ என்ற ஸ்லைடில் ஒரு எண் தவறு. திருத்திய ஸ்லைடை இணைத்திருக்கிறேன், பழையதை எடுத்துவிட்டு இதை வைக்க வேண்டுகிறேன். மற்றவற்றில் மாற்றம் இல்லை.”