நிலம் எங்கேயோ, கோர்ட்டும் அங்கேதான்

கேள்வி: நான் திருப்பூரில் இருக்கிறேன். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தை 36 லட்சத்துக்கு வாங்க 2024 மார்ச் 10-ம் தேதி அக்ரிமென்ட் போட்டு, 10 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். 11 மாதக் கெடு முடிந்தும் விற்பவர் கிரயம் செய்து தர மறுக்கிறார். அவர் இருப்பது சென்னையில். அக்ரிமென்ட் எழுதியதும் பணம் கொடுத்ததும் கோயம்புத்தூரில். தகராறு வந்தால் கோவை நீதிமன்றம்தான் என்றும் அதில் எழுதியிருக்கிறது. இடம் பார்த்துக் கொடுத்த புரோக்கர், "சென்னையில போடுங்க, ஆள் பயந்து வருவான், நமக்கு வக்கீல் இருக்கார்" என்கிறார். எந்தக் கோர்ட்டில் போடுவது?

பதில்: திண்டுக்கல் மாவட்ட நீதிமன்றத்தில் போடுங்கள். சென்னையும் வேண்டாம், கோவையும் வேண்டாம். திருப்பூரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் கேட்பார்கள். வழக்கு போடுபவர் எங்கே குடியிருக்கிறார் என்பது மட்டுமே ஒரு கோர்ட்டுக்கு அதிகாரம் தராது.

எந்தக் கோர்ட் என்பது நீங்கள் கேட்கும் பரிகாரத்தைப் பொறுத்தது. உங்களுக்குத் தோட்டம் வேண்டும். அதாவது கிரயப் பத்திரமும் வேண்டும், இடம் கைக்கு வருகிற சுவாதீனமும் வேண்டும். நிலத்தின் சுவாதீனத்தைக் கேட்கிற வழக்கை அந்த நிலம் எந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16-வது பிரிவு. தோட்டம் வேண்டாம், 10 லட்சம் திரும்பி வந்தால் போதும் என்றால் அது வெறும் பண வழக்கு. அதை 20-வது பிரிவின்படி எதிராளி வசிக்கும் சென்னையிலும் போடலாம், அக்ரிமென்ட் எழுதிப் பணம் கைமாறிய கோவையிலும் போடலாம். அப்போது உங்கள் அக்ரிமென்டில் உள்ள "கோவை நீதிமன்றம்" என்ற வரிக்கும் மதிப்பு உண்டு. அதிகாரம் உள்ள இரண்டு கோர்ட்டுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள இரு தரப்பும் ஒப்பந்தம் செய்யலாம். அதிகாரமே இல்லாத கோர்ட்டுக்கு அதிகாரத்தை எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. நிலத்தைக் கேட்டுப் போடும் வழக்கில் அந்த வரி செல்லாது.

இதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன், உங்கள் வக்கீலிடமும் காட்டுங்கள். ஹர்ஷத் சிமன்லால் மோடி எதிர் டி.எல்.எஃப். வழக்கில் மனை இருந்தது குர்கானில். ஒப்பந்தம் டெல்லியில் ஆனது, பணம் கட்டியது டெல்லியில், கம்பெனியின் தலைமை அலுவலகமும் டெல்லி, டெல்லி நீதிமன்றம்தான் என்று ஒப்பந்தத்திலும் இருந்தது. வாங்கியவர் 1988-ல் டெல்லியில் வழக்கு போட்டார். எதிர்தரப்பும் முதலில் டெல்லிக்கு அதிகாரம் உண்டென்று ஒப்புக்கொண்டது. பல வருடம் கழித்து, இல்லை என்று மாற்றிக்கொண்டது. 2005-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? நிலம் குர்கானில் இருக்கிறது, சுவாதீனம் கேட்கிறீர்கள், டெல்லி கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை, பிராதை, அதாவது வழக்கு மனுவை, திரும்ப வாங்கி உரிய இடத்தில் போடுங்கள் என்றது. ஒரு மனிதரின் 17 வருடம் எந்தக் கோர்ட் என்ற கேள்வியிலேயே போயிற்று. இதை முதல் வருடத்திலேயே பார்த்துச் சொல்ல சட்டத்தில் வழி இருந்தும் பல சமயம் அது நடப்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. ஆபீசில் பக்க எண் விட்டுப்போனாலும் நகல் குறைந்தாலும் பிராதை ரிட்டர்ன் செய்கிறார்கள். சொத்து எந்த ஊரில் இருக்கிறது என்பது பல சமயம் அவர்கள் கண்ணில் படாமலே வழக்குக்கு நம்பர் விழுந்துவிடுகிறது.

இதே 16-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. புரோக்கரின் வக்கீல் அதைத்தான் கையில் எடுப்பார். எதிராளி நேரில் வந்து ஒரு காரியத்தைச் செய்தாலே பரிகாரம் முழுசாகக் கிடைத்துவிடும் என்றால், அவர் வசிக்கும் ஊரிலும் வழக்கு போடலாம் என்கிறது அது. "கையெழுத்துப் போட்டால் கிரயம் முடிந்தது, அவர் இருப்பது சென்னை, ஆகவே சென்னை" என்பார்கள். இதில் "முழுசாக" என்பதுதான் முக்கியம். அக்ரிமென்ட் அன்றே தோட்டத்தை உங்களிடம் ஒப்படைத்து, இன்று நீங்களே உழுது பயிர் வைத்துக்கொண்டிருந்தால் உங்களுக்குப் பாக்கி ஒரு கையெழுத்துதான். அப்போது அந்த வாதத்துக்கு ஓரளவு இடமுண்டு. தோட்டம் இன்னும் விற்பவர் கையில் இருந்தால் கையெழுத்தோடு காரியம் முடியாது. ஆள் இறங்கி இடத்தை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் கோர்ட் அமீனா போய் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த இடம் நத்தத்தில் இருக்கிறது. டெல்லி வழக்கிலும் இந்த விதிவிலக்கைச் சொல்லிப் பார்த்தார்கள், ஏற்கப்படவில்லை. "சரி, சுவாதீனத்தைக் கேட்காமல் பத்திரம் மட்டும் கேட்போம், அப்போது சென்னையில் போடலாமே" என்று அடுத்ததாகச் சொல்வார்கள். சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். தனித்தீர்வுச் சட்டத்தின் 22-வது பிரிவு சுவாதீனத்தையும் அட்வான்ஸ் திரும்பக் கிடைப்பதையும் இதே வழக்கில் கேட்க வழி வைத்திருக்கிறது. ஊர் வசதிக்காக ஒன்றை விட்டுவிட்டு, பத்திரம் கைக்கு வந்தபின் இடத்துக்காக இன்னொரு சண்டை போடும்படி ஆகக்கூடாது.

அடுத்தது மதிப்பு. அக்ரிமென்டை நிறைவேற்றித் தரச் சொல்லும் வழக்குக்கு, தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 42-வது பிரிவின்படி அக்ரிமென்டில் எழுதிய கிரயத் தொகைதான் மதிப்பு. இன்றைய மார்க்கெட் விலையும் வேண்டாம், அரசின் வழிகாட்டி மதிப்பும் வேண்டாம், நீங்கள் கொடுத்த அட்வான்ஸும் அல்ல. 36 லட்சம் என்று எழுதியிருக்கிறது, ஆக வழக்கின் மதிப்பு 36 லட்சம். கட்டணம் நூற்றுக்கு 3 ரூபாய் வீதம் 1,08,000 ரூபாய். 2017-க்கு முன் இதுவே ஏழரை ரூபாய் வீதம் இருந்தது. சென்னைக்கு வெளியே 1 லட்சம் வரை முன்சீப் கோர்ட், 10 லட்சம் வரை சப் கோர்ட், அதற்கு மேல் மாவட்ட நீதிமன்றம் என்பது நடைமுறை. இந்த வரம்புகளை அரசு திருத்துவது உண்டு என்பதால், தாக்கல் செய்யும் வாரத்தில் திண்டுக்கல் கோர்ட் ஆபீசின் தலைமை அலுவலரான சிரஸ்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மதிப்புக்கு ஏற்ற கோர்ட்டுகளில் கீழ்நிலையில் உள்ளதில்தான் தொடங்க வேண்டும், நேராக மேலே போக முடியாது. "ஹைகோர்ட்டிலேயே போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால், அங்கே நேரடியாக சிவில் வழக்கு போடுவது சென்னை நகர எல்லைக்கு உட்பட்ட, பெரிய மதிப்புள்ள விவகாரங்களுக்கு என்று நினைவில் வையுங்கள்.

கட்டணத்தைக் கேட்டதும் மனசு தயங்கும். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் அடுத்த வலை விரிக்கிறார்கள். "வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று வெறும் இன்ஜங்ஷன் மட்டும் முன்சீப் கோர்ட்டில் போடுவோம், கட்டணம் சொற்பம், மெயின் கேஸை அப்புறம் பார்க்கலாம்." கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் விற்பவர் மறுத்து, கெடுவும் முடிந்தபின் உங்களுக்குக் கேட்கும் உரிமை முழுதாக வந்துவிட்டது. ஒரே விவகாரத்தில் கேட்க வேண்டியதையெல்லாம் ஒரே வழக்கில் கேட்க வேண்டும். கோர்ட்டின் அனுமதி வாங்காமல் ஒன்றை விட்டால், அதைப் பின்னால் கேட்க முடியாது. 2005-ல் இப்படித்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் சொத்தை விற்கக்கூடாது என்று இன்ஜங்ஷன் மட்டும் கேட்டு ஒரு தரப்பு வழக்கு போட்டது. பிறகு கிரயம் செய்து தரச் சொல்லி 2007-ல் திருவள்ளூர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. 2012-ல் உச்ச நீதிமன்றம், முதல் வழக்கிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லி இரண்டாவது வழக்கை நிற்கவிடவில்லை. நீங்கள் ஒரே பிராதில் கிரயம், சுவாதீனம், வேறு யாருக்கும் விற்காமல் தடை ஆகியவற்றைக் கேளுங்கள். கிரயம் இல்லையென்றால் 10 லட்சமும் வட்டியும் வேண்டும் என்பதையும் மாற்றுப் பரிகாரமாக எழுதச் சொல்லுங்கள். மாற்றுப் பரிகாரத்துக்கு என்று தனிக் கட்டணம் இல்லை, இரண்டில் கூடுதலான தொகைக்குக் கட்டினால் போதும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் பிராதில் மூன்று இடங்களை நீங்களே வாசியுங்கள். வக்காலத்திலும் பிராதிலும் வெற்றுத் தாளில் கையெழுத்து கொடுக்கவே கொடுக்காதீர்கள். முதலாவது, வழக்கு போடக் காரணம் எப்போது, எங்கே வந்தது என்று சொல்லும், "வியாஜ்ய மூலம்" என்று தொடங்கும் பாரா. அதில் அக்ரிமென்ட் தேதி, கெடு முடிந்த தேதி, மறுத்த தேதி, அதோடு சொத்து இந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்கிறது என்ற வாசகம் இருக்க வேண்டும். இரண்டாவது, மதிப்பும் கட்டணமும் சொல்லும் பாரா. அங்கே 36 லட்சம் இருக்க வேண்டும், வேறு எந்தத் தொகையும் கூடாது. மூன்றாவது, கடைசியில் வரும் சொத்து விவரம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், நான்கெல்லை எல்லாம் அக்ரிமென்டோடும் பட்டாவோடும் ஒத்துப்போக வேண்டும். சார்பதிவாளர் ஆபீஸ் எந்த ஊர் என்பதை மட்டும் வைத்துக் கோர்ட்டை முடிவு செய்துவிடாதீர்கள். பதிவுத்துறை எல்லையும் கோர்ட் எல்லையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. வருவாய் கிராமம் எந்த வட்டத்தில் வருகிறது என்று பட்டாவில் பாருங்கள்.

புரோக்கர் ஏன் சென்னை என்கிறார்? அவருக்குத் தெரிந்த வக்கீல் அங்கே இருக்கிறார், அந்த ஃபீஸில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. இதைப் பலமுறை பார்த்துச் சலித்துவிட்டேன். சம்மன் போய், ஆள் வந்து, பதில் பிராது போட்டு, சாட்சி விசாரணை நடக்கும்போது எதிராளி "இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை" என்பார். அப்போது புரோக்கர் போனை எடுக்கமாட்டார். பிராது திரும்பி வந்தால், சரியான கோர்ட்டில் எல்லாம் முதலிலிருந்து நடக்கும். நடந்த விசாரணை அங்கே தொடராது.

கடைசியாகத் தேதி. உங்கள் கெடு 2025 பிப்ரவரி 9-ம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து மூன்று வருடம், அதாவது 2028 பிப்ரவரி 9-க்குள் வழக்கு திண்டுக்கல்லில் தாக்கல் ஆகியிருக்க வேண்டும். தவறான கோர்ட்டில் கழிந்த நாட்களைக் கழித்துக்கொள்ள காலவரையறைச் சட்டத்தின் 14-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் அங்கே வழக்கு நடத்தினீர்கள் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும், தெரிந்தே போனவருக்கு அது கிடைக்காது. மூன்று வருடம் இருக்கிறதே என்று இழுக்கவும் வேண்டாம். மீதி 26 லட்சத்தோடு கிரயம் முடிக்க நீங்கள் தொடர்ந்து தயாராக இருந்தீர்களா என்று கோர்ட் பார்க்கும். தாமதம் கூடக் கூட அந்தக் கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். பணம் இருந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரத்தையும், கிரயம் முடிக்கச் சொல்லி அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் நகலையும், அதன் ஒப்புகை அட்டையையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். நோட்டீஸ் இன்னும் அனுப்பவில்லையென்றால் அதை இந்த வாரமே அனுப்புங்கள், திண்டுக்கல்லில் பிராக்டிஸ் செய்யும் ஒரு வக்கீல் மூலமாக.