கேன்சல் செய்தும் பெட்டி வந்து நின்ற கதை

கேள்வி: சமைக்கத் தேவையான பொருட்களை அளந்து கட்டி அனுப்பும் சமையல் பெட்டி சனிக்கிழமைதோறும் வருகிறது. இந்த வாரம் வேண்டாம். வியாழக்கிழமை கேன்சல் செய்தால் போதும்தானே?

போதாது. வியாழக்கிழமை வரை காத்திருந்தால் அந்தப் பெட்டி உங்கள் கையை விட்டுப் போயிருக்கும். கெடுவைப் பெரும்பாலும் பெட்டி வருவதற்கு ஐந்தாறு நாள் முன்னாலேயே வைத்துவிடுகிறார்கள். எத்தனை பெட்டி என்று தெரிந்த பிறகுதான் சரக்கு வாங்கி, அளந்து, கட்ட முடியும். கெடு தாண்டிய பிறகு கேன்சல் செய்தால் அதற்கு அடுத்த வாரங்கள்தான் நிற்கும். உறுதியான பெட்டி வந்தே தீரும், பணமும் போய்விடும்.

எனக்கும் சனிக்கிழமைப் பெட்டிதான். கெடு திங்கள் இரவு 11:59. ஊருக்குப் போகிற வாரம் என்பதால் அன்று பதினொன்றே காலுக்கு உட்கார்ந்தேன். கேன்சல் முகப்பில் இல்லை. அக்கவுண்டுக்குள் போய், திட்ட அமைப்புக்குள் போய், அடிமட்டத்தில் பொடி எழுத்தில் கண்டுபிடித்தேன். அழுத்தினால் ‘ஏன் போகிறீர்கள்?’ என்று ஒரு பக்கம். அடுத்ததில் தள்ளுபடி. ஒவ்வொன்றிலும் இருப்பவனுக்குப் பளிச்சென்று பச்சைப் பட்டன், போகிறவனுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வரி. மூன்றாவது பக்கத்தில் ‘நீங்கள் போவதில் எங்களுக்கு வருத்தம்’ என்றிருந்தது. சரி, முடிந்தது என்று தூங்கிவிட்டேன். அதற்கும் கீழே ‘உறுதி செய்’ என்று இன்னொரு பட்டன் இருந்திருக்கிறது.

காலையில் கார்டில் பணம் எடுத்த செய்தி. சாட்டில் கேட்டால் “ஆர்டர் தயாரிப்புக்குப் போய்விட்டது சார்” என்றார்கள். திங்கட்கிழமை திரும்பி வந்தபோது பெட்டி வாசலில் கிடந்தது. ஐஸ் பை உருகி வெறும் தண்ணீர்ப் பையாகி, அட்டையின் அடி ஊறி, தூக்கியதும் எல்லாம் காலில் விழுந்தது.

படிக்காமல் தூங்கியது உன் தப்புதானே என்று எழுத வருகிறவர்களுக்கு: ஆமாம், என் தப்புதான். ஆனால் சேரும்போது இத்தனை பக்கம் இல்லையே?

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். வரப்போகும் பெட்டிகளின் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் கடைசி நாள் போட்டிருக்கும். மாற்ற முடிகிற வாரங்களையெல்லாம் முதலில் ஸ்கிப் செய்யுங்கள். அது பெரும்பாலும் ஒரே தட்டு, உடனே திரையில் மாறிவிடும். கேன்சல் நடுவில் தொங்கினாலும் அந்த வாரங்களுக்குப் பணம் போகாது. அப்புறம் நிதானமாகக் கேன்சல் செய்து, உறுதி மெயில் வரும்வரை பக்கத்தை மூடாதீர்கள். ஆப்பை அழித்தால் உறுப்பினர் கணக்கு அப்படியேதான் இருக்கும். பண்டிகை வாரங்களில் கெடு ஒன்றிரண்டு நாள் முன்னால் நகரலாம். இரவு 11:59 என்பது உங்கள் ஊர் நேரமா, கம்பெனியின் நேரமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் என்னைச் சேர்த்துவிட்டது மச்சான். முதல் பெட்டி பாதி விலை என்று கூப்பன் கோடு அனுப்பினான். நான் சேர்ந்ததில் அவனுக்கு ஒரு பெட்டி இலவசம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. போன வாரம் வேறொரு கம்பெனியின் கோடு அனுப்பியிருக்கிறான்.